ஒலிம்பஸ் மான்ஸும் "ஸ்டேக்னன்ட் லிட்"டும்: தமிழ்ல என்ன போடலாம்?

கலா:
எல்லாருக்கும் வணக்கம். செவ்வாயில இருக்குற ஒலிம்பஸ் மான்ஸ் எரிமலை ஏன் அவ்ளோ உயரம்னு எட்டாம் வகுப்பு பசங்களுக்கு எழுதிட்டிருக்கேன், ஒரு சொல்லுல மாட்டிக்கிட்டேன். பூமியோட மேல்பகுதி தட்டு தட்டா உடைஞ்சு நகருது, செவ்வாயில ஒரே மூடியா உட்கார்ந்திருக்கு, இதத்தான் ஸ்டேக்னன்ட் லிட்னு சொல்றாங்க. நான் "அசையா மேலோடு"ன்னு போட்டிருக்கேன். ஓகேவா?

முத்து:
அக்கா, அந்த சொல்லே உங்களுக்கு வேணாம்னு தோணுது. செவ்வாய் ஈர்ப்பு நம்மளோடதுல 38 சதவீதம்தான், ஈர்ப்பு எவ்ளோ கம்மியோ மலை அவ்ளோ மடங்கு உசரமா நிக்கலாம். ஹவாய்ல இருக்குற மௌனா லோவா எரிமலை கடலடியிலேர்ந்து சுமார் 9 கிமீ, அத 2.6-ஆல பெருக்குங்க, 23 வருது, ஒலிம்பஸ் கிட்டத்தட்ட 22. முடிஞ்சுது கணக்கு!

செல்வி டீச்சர்:
எனக்கு ஒரு டவுட்டு. அசையாத ஓடுன்னா எரிமலை எப்படி வெடிக்கும், ஓடு பிளந்தாத்தானே குழம்பு மேல வரும்? போன வருஷம் கிளாஸ்ல மெழுகுவத்திக்கு மேல ஒரு அட்டைய மெதுவா இழுத்துக் காமிச்சேன், கரி கோடு கோடா விழுந்துச்சு. ஒரு பொண்ணு இழுக்காம அப்படியே புடிச்சா, ஒரே எடத்துல திட்டா கரி ஏறிடுச்சு. அட்டையும் எரிஞ்சுபோச்சு, அது வேற கதை.

பஷீர்:
டீச்சர், உங்க அட்டையிலயே பாதி பதில் இருக்கு. பிளக்குறதுக்கும் நகர்றதுக்கும் சம்பந்தமில்ல, ஹவாயே தட்டோட நடுவுலதான் இருக்கு, ஓரத்துல இல்ல. கீழ சூடு ஒரே எடத்துல நிக்குது, மேல பசிபிக் தட்டு வருஷத்துக்கு ஏழெட்டு சென்டிமீட்டர் நகருது, பத்து லட்சம் வருஷத்துல எழுபது எண்பது கிமீ தள்ளிப் போயிடும். அதனால ஒரு மலை முழுசா வளர்றதுக்குள்ள அடுப்ப விட்டு விலகிடுது, பக்கத்துல புதுசு ஒண்ணு ஆரம்பிக்குது. அந்தத் தீவு வரிசைதான் உங்க கரிக்கோடு. செவ்வாயில அட்டை நகரல.

முத்து, உங்க கணக்கு அழகா பொருந்துது, அதான் ஆபத்து. ஈர்ப்பு மட்டுமே காரணம்னா உயரமும் அகலமும் 2.6 மடங்குன்னு வெச்சா கூட கொள்ளளவு 18 மடங்குதான் வரணும். ஆனா ஒலிம்பஸ் மௌனா லோவாவ விட சுமார் 100 மடங்கு பெருசு, அகலமே 600 கிமீ. அவ்ளோ குழம்பு ஒரே வாய் வழியா வரணும்னா அந்த வாய் ரொம்ப காலம் அடுப்பு மேலயே இருந்திருக்கணும்.

ஈர்ப்புக்கு வேலையே இல்லன்னு சொல்லல. மௌனா லோவா தன் கனத்துலயே கீழ இருக்குற கடலடிய சுமார் 8 கிமீ அமுக்கிடுச்சு, அதாவது வளர்றதுல பாதி உள்ள போயிடுது. செவ்வாயில கனம் குறைவு, தாங்குற பாறையும் தடிமன், அதனால ஏறினது மேலயே நிக்குது. ரெண்டும் சேர்ந்தாத்தான் கதை.

இப்ப சொல்லுக்கு வருவோம். "அசையா" வேணாம் கலா. செவ்வாயிலயும் நிலநடுக்கம் உண்டு, இன்சைட் கலம் 2022 மே மாசம் 4.7 அளவுல ஒண்ண பதிவு பண்ணுச்சு. அசையுது, ஆனா எடம் மாறல. "மேலோடு"ம் இடிக்குது, ஏன்னா நகராம இருக்குறது மேலோடு மட்டுமில்ல, அதுக்கடியில இருக்குற கவசம்ங்கற பாறை அடுக்கோட மேல்பகுதி இறுகிப் போயிருக்கே, அதுவும் சேர்த்துத்தான்.

கலா:
அப்ப "நிலையோடு"?

முத்து:
"நல்ல நிலையோடு இருக்கிறது"ன்னு படிப்பாங்க 😄 "கல்லோடு"ன்னாலும் அதே கதி. ஓடுன்னு முடிஞ்சாலே வம்பு.

பஷீர்:
அதனாலதான் "நிலைமூடி"ன்னு யோசிச்சேன். மூடின்னா அடியில ஏதோ கொதிக்குதுன்னு தானா படம் வந்துடும், மூடி நிக்குது, உள்ள புரளுது. உண்மையில நடக்குறதும் அதான். "ஒற்றைத்தட்டு"ன்னும் சிலர் சொல்லலாம், ஆனா அதுல அடியில புரள்ற விஷயம் வரல.

செல்வி டீச்சர்:
பசங்க பாட்டில் மூடின்னு நெனைப்பாங்க. "நிலைப்பாறைமூடி"?

கலா:
நீளம் டீச்சர், படத்துக்குள்ள எழுத எடம் பத்தாது.

முத்து:
சரி, நான் தோத்தேன்னு வெச்சுக்கோங்க, ஒரே ஒரு கேள்வி. வெள்ளி கிரகத்துலயும் தட்டு நகரலயே? அங்க இருக்குற மாட் மான்ஸ் எரிமலை 8 கிமீ சொச்சம்தான். மூடி நின்னா போதும்னா அது ஏன் வளரல?

பஷீர்:
நல்ல அடி. வெள்ளியோட ஈர்ப்பு நம்மளோடதுல 90 சதவீதம், தரையே 460 டிகிரி, அவ்ளோ சூட்டுல பாறை வலுவா இருக்காது, பெரிய பாரத்த ரொம்ப நாள் தாங்காதுங்கறது ஒரு விளக்கம். அங்க மூடி எப்பவுமே நின்னுட்டு இருந்துச்சா, நடுவுல ஒரு தடவ மொத்தமா புரண்டுச்சான்னே இன்னும் சண்டை ஓடுது. அதனால கலா, "நிலைமூடி"ய செவ்வாய்க்கு மட்டும் போடுங்க, வெள்ளிக்குப் போடறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவ கேளுங்க.

கலா:
நிலைமூடின்னே போட்டுட்டேன். டீச்சர், அந்த அட்டைப் படம் இருந்தா அனுப்புங்க, எரிஞ்சதும் சேர்த்து.