பொருள்: முன்கதவு வாஷிங் மெஷினின் அடியிலிருக்கும் ஃபில்டருக்கு என்ன பெயர்?

வியாசர்பாடி, பயிற்சி ஆசிரியை:

வணக்கம். மாலை வகுப்புக்கான பழுதுநீக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல்லில் வேலை நிற்கிறது. துவைத்து முடித்து அலசலுக்குப் போகும் முன் மெஷின் நின்றுவிடும், உள்ளே நுரைத்தண்ணீர் அப்படியே இருக்கும், திரையில் OE, 5C, E18 என்று கம்பெனிக்கு ஒன்றாக ஏதாவது வரும். அப்போது முதலில் பார்க்க வேண்டியது முன்பக்கம் கீழே, சின்ன மூடிக்குப் பின்னால் திருகி வைத்திருக்கும் ஃபில்டரை. வரைவில் அதை 'வடிகட்டி' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த மாணவர்கள் மெஷினின் பின்பக்கம் போய், குழாய்த் தண்ணீர் நுழையும் இடத்தில் உள்ள வலையைக் கழற்றிக் கழுவினார்கள். அதுவும் வடிகட்டிதான், அவர்கள்மேல் தப்பில்லை. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, 'கசடரி' என்று வையுங்கள். நன்னூலில் கடைமாணாக்கனுக்கு உவமையாக வரும் நெய்யரி நினைவிருக்கும். நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். மாணவனுக்கு இகழ்ச்சியான அந்தக் குணம் இந்தக் கருவிக்கு இலக்கணம். கல் அரித்தல், அரிசி அரித்தல் என்று வினையும் வீட்டில் வழங்குகிறது. கூடவே 'பம்ப்' என்பதையும் 'எக்கி' என்று மாற்றிவிடலாம். வயிற்றை எக்குகிறோம் அல்லவா, சுருங்கி உந்துதல் என்ற பொருள் அதிலேயே இருக்கிறது.

எருக்கஞ்சேரி, மெக்கானிக்:

ஐயா, வணக்கம். நெய்யரி அழகான சொல்தான். ஆனால் இந்த ஃபில்டர் அழுக்கை அரிப்பதற்காக வைத்ததில்லை. அழுக்குத் தண்ணீர், பொடி நூல் எல்லாம் அதைத் தாண்டிப் போகத்தான் வேண்டும். காசு, ஊக்கு, பட்டன், கொண்டை ஊசி இவை பம்பின் இறக்கையில் போய் மாட்டாமல் தடுக்கவே அது இருக்கிறது. அதனால் 'காசுப்பொறி' பொருந்தும். எலிப்பொறி தெரிந்த யாருக்கும் இது புரியும். எக்கியும் இங்கே சரிவராது ஐயா. இந்தப் பம்பில் எதுவும் சுருங்குவதில்லை, இறக்கை சுற்றித் தண்ணீரை வெளியே வீசுகிறது.

கொருக்குப்பேட்டை:

சொல்லை விடுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீரில் உப்பு அதிகம். அந்த உப்பு படிந்துதான் ஃபில்டர் அடைக்கிறது. மாதம் ஒருமுறை சுண்ணாம்பு நீக்கும் பொடி போட்டு ஓட்டினால் போதும் என்று கையேட்டில் எழுதுங்கள்.

எருக்கஞ்சேரி, மெக்கானிக்:

உப்புப் படிவது உண்மை, ஆனால் இடம் வேறு. சூடேற்றும் கம்பியில்தான் அது பாறையாக ஏறும். கீழே ஃபில்டரில் வருவது நூல், தலைமுடி, கரையாத சோப்பு, துணி மென்மையாக்கும் திரவம் எல்லாம் சேர்ந்த கருப்புக் கொழகொழப்பு. பொடி அதைக் கரைக்காது. கையால் எடுத்து பிரஷ் போட வேண்டும்.

ராயபுரம்:

நடுவே கேட்பதற்கு மன்னியுங்கள். எங்கள் வீட்டு மெஷின் இப்போது அப்படித்தான் நிற்கிறது. கதவும் திறக்கவில்லை. அந்த வடிகட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டியும் மறுபடி OE. அப்படியானால் மெஷினே போய்விட்டதா? கழற்றியபோது வீடெல்லாம் தண்ணீர்.

எருக்கஞ்சேரி, மெக்கானிக்:

அக்கா, மெஷின் போகவில்லை. முதலில் தண்ணீர் வடிக்கும் கட்டத்தில் என்ன சத்தம் வருகிறது என்று கேளுங்கள். மூன்றில் ஒன்றுதான் இருக்கும். சத்தமே இல்லையென்றால் பம்புக்குக் கரண்ட் போகவில்லை, அல்லது காயில் போய்விட்டது. மீட்டர் உள்ளவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பம்பின் ஒயரைக் கழற்றிப் பார்த்தால், பெரும்பாலான 230 வோல்ட் பம்புகளில் 100-லிருந்து 200 ஓம் வரை காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. நன்றாக ஓடும் சத்தம் வந்தும் தண்ணீர் போகவில்லையென்றால் வெளிக்குழாய் மடங்கியிருக்கும், அல்லது டிரம்முக்கும் பம்புக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயில் சாக்ஸ் மாட்டியிருக்கும். 'உர்ர்' என்று முனகிவிட்டு நின்றால் இறக்கை சிக்கியிருக்கிறது.

ராயபுரம்:

முனகுகிறது. உர்ர் என்று கொஞ்ச நேரம், பிறகு அமைதி.

எருக்கஞ்சேரி, மெக்கானிக்:

அப்போ ஃபில்டரோடு நிறுத்தியதுதான் விஷயம். பிளக்கைப் பிடுங்குங்கள். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறட்டும், 60 டிகிரித் தண்ணீர் கையைச் சுட்டுவிடும். ஃபில்டர் தரையை ஒட்டி இருப்பதால் பக்கெட் அடியில் போகாது. குப்பை அள்ளும் தகர முறம் அல்லது தட்டையான ட்ரே வையுங்கள், கீழே பழைய துண்டு விரியுங்கள். ஃபில்டர் பக்கத்தில் அடைப்பானோடு சின்ன ரப்பர் குழாய் இருந்தால் அதை வெளியே இழுத்து வடியுங்கள். இல்லாவிட்டால் ஃபில்டரை இடப்பக்கமாக அரைத் திருகு மட்டும் தளர்த்துங்கள். ட்ரே நிறைந்ததும் இறுக்கி, கொட்டி, மறுபடி தளர்த்துங்கள். உள்ளே பக்கெட் கணக்கில் தண்ணீர் இருக்கும், ஒரேயடியாகக் கழற்றியதால்தான் வீடு நனைந்தது.

ஃபில்டர் வெளியே வந்ததும் அந்தப் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உள்கோடியில் சின்ன இறக்கை தெரியும். அதை விரலால் சுற்றுங்கள், ஆனால் முதலில் குச்சியால் தடவிக் கூர்மையாக ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. நல்ல பம்பில் அது வழவழவென்று சுற்றாது. உள்ளே காந்தம் இருப்பதால் தடக், தடக்கென்று நின்று நின்று நகரும். அதைப் பழுது என்று நினைக்காதீர்கள். கொஞ்சமும் பிடிப்பில்லாமல் சுற்றினால் இறக்கை தண்டிலிருந்து உடைந்திருக்கும், பம்பைத்தான் மாற்ற வேண்டும். அசையவே இல்லையென்றால் ஏதோ சிக்கியிருக்கிறது.

வண்ணாரப்பேட்டை:

ஒரு தகவல். எங்கள் ஊர்ப்பெயரே கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் துணி வெளுத்தவர்கள் குடியிருந்ததால் வந்தது. துவைத்தல் வேறு, அலசல் வேறு, வெளுத்தல் வேறு. கையேட்டில் 'கழுவு சுழற்சி' என்று பார்த்தேன். பாத்திரம்தான் கழுவுவோம். 'துவைப்பு' என்று மாற்றுங்கள்.

வியாசர்பாடி, பயிற்சி ஆசிரியை:

மாற்றிவிட்டேன், நன்றி. ஃபில்டருக்கு வருவோம். காசுப்பொறி எனக்கும் பிடிக்கிறது. ஆனால் பொறி என்றால் எந்திரம், பொறியியல் என்று மாணவர்கள் படித்திருக்கிறார்கள்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

பொறிக்குப் பொருள் பல. 'பொறிவாயில் ஐந்தவித்தான்' என்ற குறளில் அது புலனுறுப்பு. எந்திரம், கண்ணி, தீப்பொறி, முத்திரை எல்லாம் அதுவே. இடம் நோக்கித்தான் பொருள் கொள்கிறோம், அதனால் நான் மறுக்கவில்லை. ஆனால் காசை மட்டும் சொல்வது குறை. நூலும் முடியும் மாட்டுகிறதே? கசடரி இரண்டையும் அடக்கும்.

கொருக்குப்பேட்டை:

அரி என்றால் எங்கள் வீட்டில் சொறிதான். பிள்ளைகள் கையேட்டை ஒருமுறை படித்ததும் புரிய வேண்டும். கடையில் போய் ஃபில்டர் என்றுதானே கேட்கப்போகிறார்கள்?

ராயபுரம்:

கிடைத்துவிட்டது! இறக்கைக்கும் சுவருக்கும் நடுவே பாதி உடைந்த ஊக்கு. புடவை முந்தானையில் குத்துவது. குறட்டால் இழுத்தேன். இப்போது தடக் தடக்கென்று நகர்கிறது. ஃபில்டரை மாட்டி, பிழிதல் மட்டும் ஓட்டினேன். தண்ணீர் முழுக்க வெளியே போய்க் கதவும் திறந்தது. அந்த ஊக்கு ஃபில்டரைத் தாண்டி எப்படிப் போனது?

எருக்கஞ்சேரி, மெக்கானிக்:

மெல்லிய ஊசி நேராக வந்தால் ஃபில்டரின் இடைவெளியில் நுழைந்துவிடும் அக்கா. மூடியின் ரப்பர் வளையத்தில் நூல் ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சொட்டும்.

அம்மா, கையேட்டுக்கும் இதுதான் என் வேண்டுகோள். ஃபில்டருக்கு எந்தப் பெயர் வைத்தாலும் சரி, இறக்கைக்குத் தனிப்பெயரும் தனிப்படமும் வேண்டும். 'வடிகட்டியைச் சுத்தம் செய்க' என்று முடித்தால் படிப்பவர் அங்கேயே நின்றுவிடுவார்.

வியாசர்பாடி, பயிற்சி ஆசிரியை:

நாளை காலை பக்கம் கட்ட வேண்டும். பின்பக்கத்தில் இருப்பது 'குழாய் வலை', கீழே இருப்பது 'பம்ப் வடிகட்டி' என்று போடுகிறேன். இதற்கு நால்வர் சம்மதம். காசுப்பொறி படத்தின் அடியில் வரும். பம்ப் பம்பாகவே இருக்கட்டும். உள்ளே சுற்றுவதற்கு 'இறக்கை' என்று எழுதியிருக்கிறேன்.

பெரம்பூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

'பம்ப் வடிகட்டி'க்கு என் உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். பாதி வேற்றுமொழி, மீதி பொருத்தமில்லாத வினை. இறக்கை பறப்பதற்கு உரியது. இது தண்ணீரைத் தள்ளுவது, 'உந்துசக்கரம்' என்பதே தகும்.

எருக்கஞ்சேரி, மெக்கானிக்:

ஃபேனுக்கும் இறக்கை என்றுதான் சொல்கிறோம் ஐயா, அது பறக்கவில்லை. உந்துசக்கரத்தை அடுத்த பதிப்பில் பேசலாம். அம்மா, படத்தில் திருகும் அம்புக்குறி வலப்பக்கம் காட்டுகிறது, கழற்ற இடப்பக்கம் திருக வேண்டும். அச்சுக்கு முன் அதை மட்டும் திருத்திவிடுங்கள்.