“எங்கே தம்பி, காட்டு பார்ப்போம்”: மங்கிய எழுத்தும் ஸ்கிரீன்ஷொட்டும் (அனுபவப் பகிர்வு)

கொக்குவில் வாசி

இரத்தப் பரிசோதனைக்கு முன்பதிவு செய்யும் பக்கம். எந்த ஆய்வுகூடம் என்று கேட்காதீர்கள். மாமி காலையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுவிட்டுப் போனார், திருப்பி அனுப்பிவிட்டார்கள். திகதிப் பெட்டிக்குக் கீழே “வெறும் வயிற்றில் வரவும்” என்று எழுதியிருந்ததாம். மாமி கைத்தொலைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டி, “எங்கே தம்பி, காட்டு பார்ப்போம்” என்றார். நல்ல வெயில். கையால் மறைத்துப் பார்த்தபோதுதான் வெளிறிய சாம்பலில் ஒரு வரி தென்பட்டது. அதிலும் புள்ளிகள் ஒன்றும் இல்லை. “வெறும வயிறறில வரவும” என்றுதான் வாசிக்க முடிந்தது.

ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பக்கத்தைச் செய்தவருக்கு அனுப்பினேன். அவர் சொன்ன பதில்தான் இன்னும் குடைகிறது: “எழுத்து 36 பிக்சல். 24க்கு மேல் போனால் பெரிய எழுத்து, அதற்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளி வேறுபாடு 3:1 இருந்தால் போதும். நிறம் #949494, வெள்ளைப் பின்னணியில் 3.03:1. தேறிவிட்டது.” கணக்கு சரியாகத்தான் வருகிறது. பிறகு ஏன் மாமிக்குத் தெரியவில்லை?

சுன்னாகம் தம்பி

16 பிக்சலுக்குக் குறைவாக எழுத்து வைக்கவே கூடாது என்பது விதி, அண்ணா. அதைச் சொல்லுங்கள். நானும் ஒரு கடையின் பக்கத்தை இப்படி அளந்தேன். ஒரே சொல்லில் நிறமெடுக்கும் கருவியை வைக்க வைக்க வேறு வேறு நிறம் காட்டியது. கடைசியில் மிக மங்கலானதை எடுத்து “2:1கூட இல்லை” என்று எழுதி அனுப்பினேன். அவர்கள் பதிலே போடவில்லை.

திருநெல்வேலி அக்கா

தம்பி, அப்படி ஒரு விதி இல்லை. இணையப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைப்பதற்கான விதித்தொகுப்பான டபிள்யூ.சி.ஏ.ஜி.யில் ஆகக் குறைந்த எழுத்தளவு என்று எதுவும் கிடையாது. 200 வீதம் பெரிதாக்கினாலும் பக்கம் பயன்பட வேண்டும் என்றுதான் கேட்கிறது. அதை ஸ்கிரீன்ஷொட்டில் பார்க்கவும் முடியாது. 16 நல்ல பழக்கம், அவ்வளவுதான்.

கொக்குவில் வாசி, உங்கள் படத்தின் அகலம் எத்தனை பிக்சல்? 1080 என்றால், அந்தக் கைத்தொலைபேசி பக்கத்தை 360 அகலமாகத்தான் எண்ணியிருக்கும். படத்தில் எல்லாமே மூன்று மடங்கு. 36ஐ மூன்றால் வகுத்தால் 12. விதி பேசும் 24 என்பது பக்கத்தின் பிக்சல், படத்தின் பிக்சல் அல்ல. ஆகவே அது சிறிய எழுத்து, 4.5:1 வேண்டும், 3.03 தேறாது. வெள்ளையில் #767676 வைத்தால் 4.54 வரும். #777777 வைத்தால் 4.48, மயிரிழையில் விழுந்துவிடும்.

நிறமெடுக்கும் விடயத்துக்கு வருகிறேன், யாரும் கேட்காவிட்டாலும். எழுத்தின் ஓரத்தில் பின்னணியும் எழுத்தும் கலந்த இடைநிறப் பிக்சல்கள் இருக்கும். அங்கே அளந்தால் எந்தப் பக்கமும் தோற்கும். படத்தை நன்றாகப் பெரிதாக்கி, ‘வ’வின் நேர்கோடு போன்ற தடித்த இடத்தின் நடுவில் எடுக்க வேண்டும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்ததை அளக்கவே கூடாது. சுருக்கும்போது நிறம் கலங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சுன்னாகம் தம்பிக்குப் பதில் வராததற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

சாவகச்சேரி ரவி

எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினை. அப்பாவுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலத் தெரியும். கொழும்பு இரவு பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கப்போய், வேறு யாரோ பதிவு செய்த இருக்கையையே திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். பஸ்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று திட்டு வேறு.

திருநெல்வேலி அக்கா

அது வேறு குறை, ரவி. நிறத்தை மட்டும் நம்பித் தகவல் சொல்வது. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். இரண்டு இருக்கையும் ஒரே சாம்பலாகிவிட்டால் அதையே சான்றாக அனுப்பலாம். பதிவான இருக்கையில் ஒரு குறுக்குக்கோடு போட்டால் போதும்.

சுன்னாகம் தம்பி

ஓரத்தில் அளக்கக்கூடாது என்கிறீர்கள். ஆனால் மாமியின் கண்ணுக்குப் போவது அந்த ஓரமும் சேர்ந்துதானே அக்கா? தமிழ்ப் புள்ளி ஓரம் மட்டுமே உள்ள எழுத்து. மலிவான தொலைபேசியில் அதற்கு நடு என்று ஒன்று இருக்காது.

திருநெல்வேலி அக்கா

அதை மறுக்க மாட்டேன். விதி பார்ப்பது எழுதிக்கொடுத்த நிறத்தை. திரையில் விழுந்த நிறத்தை அல்ல. மெல்லிய எழுத்துருவில் 4.54 வந்தும் புள்ளி மறைவதைப் பார்த்திருக்கிறேன். நான் அறிக்கையில் “தேறியது, ஆனால் எழுத்துருவைத் தடிப்பாக்குக” என்று எழுதுவேன். பாதிப் பேர் முதல் சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கொக்குவில் வாசி

படத்தின் அகலம் 1080தான். வகுத்துக் காட்டி எழுதினேன். #767676 ஆக்குகிறாராம், 12ஐ மாற்ற மாட்டாராம், பெட்டிக்குள் வரி உடைகிறதாம். “வெறும் வயிற்றில்” என்பதைப் பெட்டிக்கு மேலே, தலைப்பின் அளவிலேயே போடும்படி கேட்டிருக்கிறேன். பதில் இல்லை.