என்.டி.இ. என்ற சுருக்கத்தை விரிப்பதா, அப்படியே விடுவதா?

வணக்கம். கொதிகலனுக்கு நீர் செலுத்தும் பம்ப் ஒன்றின் பராமரிப்புக் கையேட்டைத் தமிழில் பெயர்த்து வருகிறேன். படிக்கப்போகிறவர்கள் ஆலை ஃபிட்டர்கள்.

ஆர்.பி.எம்.மில் குழப்பமில்லை. மோட்டாரின் பெயர்த்தகட்டிலும் வேகமானியிலும் அவர்கள் பார்ப்பது அதுதான். முதலில் வரும் இடத்தில் மட்டும் ‘நிமிடத்துக்கு இத்தனை சுற்று’ என்று விளக்கிவிட்டு, அப்புறம் 2980 ஆர்.பி.எம். என்றே எழுதுகிறேன். என்.டி.டி.யை ‘சிதைக்காத சோதனை’ என்று விரித்துவிட்டேன்.

சிக்கல் என்.டி.இ.யில்தான். மோட்டார் பகுதியில் அது பம்ப்போடு இணையாத முனை, அதாவது பெரும்பாலும் குளிர்விக்கும் விசிறி இருக்கும் பக்கம். ஆய்வுப் பகுதியில் அதே மூன்று எழுத்தும் சிதைக்காத சோதனையைக் குறிக்கின்றன. ‘என்.டி.இ. பேரிங்’ என்றால் சந்தேகமில்லை. ஆனால் ஆய்வு அட்டவணையில் வெறுமனே ‘ஷாஃப்ட் என்.டி.இ.’ என்று வருகிறது. தண்டின் முனையா, தண்டுக்கான சோதனையா? பக்கத்துக் கட்டத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் சாயத்தைக் குறிப்பிட்டிருந்ததால்தான் சோதனை என்று உறுதியானது. மொழிபெயர்ப்பு மென்பொருளோ பழைய நினைவகத்திலிருந்து ‘முனை’ என்று நிரப்பியிருந்தது. அப்படியே போயிருந்தால் விரிசல் சோதனையே விட்டுப்போகும்.

இரண்டு பொருளையும் எல்லா இடத்திலும் தமிழில் விரித்துவிடலாம் என்பது என் எண்ணம். ஆனால் படங்களில் முனைக்கு NDE என்றே இருக்கிறது, அதை மாற்ற அனுமதியில்லை. அதனால் முனைக்கு மட்டும் சுருக்கத்தை வைத்துக்கொண்டு, சோதனையை எப்போதும் விரித்து எழுதுவது சரியா? குறுகிய அட்டவணைக் கட்டங்களில் நீங்கள் என்ன செய்கிறீர்கள்?