25 பவுண்டு வழக்கில் ஜெயித்தது யார்?

நேர்கோடு:
தானே யோசித்து முடிவெடுக்கும் விருப்புரிமையை அதிகாரிக்குச் சட்டம் கொடுத்திருந்தால் அவர் தனக்கென்று ஒரு வரம்பை வைத்துக்கொள்ளவே கூடாது. வைத்தால் தன் கையைத் தானே கட்டிக்கொண்டதாக ஆகும், உத்தரவு செல்லாது. பிரிட்டிஷ் ஆக்ஸிஜன் வழக்கில் 25 பவுண்டு வரம்பை நீதிமன்றம் தூக்கி எறிந்தது இதற்காகத்தான்.

மன்றாடி:
தூக்கி எறியவில்லை. அந்த வழக்கில் கம்பெனி தோற்றது. தீர்ப்பைப் படிக்காமல் பேர் மட்டும் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

கம்பெனி வாயு அடைக்கும் சிலிண்டர் வாங்கியது. ஒன்று சுமார் 20 பவுண்டு. மூன்று வருடத்தில் 40 லட்சம் பவுண்டுக்கு மேல் செலவு. இயந்திரங்களுக்கு அரசு மானியம் தரலாம் என்று 1966ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 25 பவுண்டுக்குக் குறைவான பொருளுக்கு மானியம் இல்லை என்ற வரம்போ சட்டத்தில் கிடையாது, அது துறை தானாக வைத்துக்கொண்டது. அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1970இல் என்ன சொன்னது? ஆயிரக்கணக்கான மனுக்களைப் பார்க்கும் துறை ஒரு கொள்கை வைத்துக்கொள்ளலாம், அது விதி என்றே சொல்லுமளவுக்குக் கறாராகக்கூட இருக்கலாம். ஆனால் புதிதாகச் சொல்ல ஏதாவது வைத்திருப்பவர் வந்தால் காதை மூடிக்கொள்ளக் கூடாது. கம்பெனி சொன்னதை எல்லாம் துறை கேட்டது, கேட்ட பிறகுதான் மறுத்தது. அதனால் மறுப்பு செல்லும்.

நேர்கோடு:
கேட்டது என்கிறீர்கள். 40 லட்சம் பவுண்டு செலவு கண்ணெதிரே இருக்கும்போது, ஒரு சிலிண்டர் ஐந்து பவுண்டு குறைகிறது என்று மறுத்தால், அது கேட்டதா? காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

பழைய கோப்பு:
முப்பத்தொரு வருடம் கோப்பு பார்த்தவன் சொல்கிறேன். வரம்பு இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். ஒருவருக்குக் கொடுத்தால் அடுத்தவர் "அவருக்கு மட்டும் எப்படி?" என்று நிற்பார். அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டுமே என்றுதான் வரம்பு வைக்கிறோம். மன்றாடி சொல்வதில் முக்கால்வாசி சரி. ஆனால் தோற்பது உறுதி என்று தெரிந்த மனுவையும் ஒவ்வொன்றாகக் "கேட்க வேண்டும்" என்பது வெட்டி வேலை. அதே தீர்ப்பில் டில்ஹார்ன் பிரபு இதையேதான் சொன்னார். அதை மட்டும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

மன்றாடி:
விடவில்லை. அவர் அப்படிக் கருதினார், உண்மை. ஆனால் பிற்பாடு வந்த வழக்குகள் பிடித்துக்கொண்டது, காதை மூடிக்கொள்ளக் கூடாது என்று ரீட் பிரபு சொன்னதை. உங்களுக்கு வசதியான ஒரு வரியை வைத்து வழக்கையே புரட்டாதீர்கள். போன மாதம் டெண்டர் இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

பழைய கோப்பு:
டெண்டர் இழையில் தேதியைத் தப்பாகச் சொன்னது நீங்கள். இன்னும் திருத்தவில்லை.

கடைசி பெஞ்ச்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் கதையும் இதுதான் என்று நினைக்கிறேன். மகளுக்குக் கட்டணச் சலுகை கேட்டு விண்ணப்பித்தேன், பதினோரு நாள் தாமதம். அந்த நாட்களில் அவள் அப்பா மருத்துவமனையில் இருந்தார். டிஸ்சார்ஜ் தாளையும் கடிதத்தையும் சேர்த்து, ஓரத்தை மடித்து பின் குத்திக் கொடுத்தேன். அன்று மாலையே திரும்பி வந்தது. மேலே ரப்பர் ஸ்டாம்ப்: "காலம் கடந்தது, நிராகரிக்கப்பட்டது." நான் மடித்த ஓரம் மடித்தபடியே இருந்தது. இது அதிகார துஷ்பிரயோகம்தானே? அந்த அதிகாரிக்கு என்மேல் ஏதோ கோபம் இருக்க வேண்டும்.

நேர்கோடு:
இதோ! இதைத்தான் சொன்னேன். வரம்பு வைத்தால் இப்படித்தான் முடியும்.

மன்றாடி:
சகோதரி, கோபம், பழிவாங்கல் என்று ஆரம்பித்தால் அதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும், மிகக் கடினம். உங்களுக்கு அது தேவையே இல்லை. அந்த அதிகாரி உங்கள்மேல் அன்போடு இருந்தாலும் மடிப்பைப் பிரிக்காமல் ஸ்டாம்ப் அடித்தது தப்பு. அதுதான் காதை மூடிக்கொள்வது. கோப்பின் குறிப்புத் தாளுக்கு நகல் கேளுங்கள். மருத்துவமனை என்ற வார்த்தை அதில் எங்கேயாவது வருகிறதா பாருங்கள். வராவிட்டால் அதுவே உங்கள் வழக்கு.

அதற்கு முன் ஒன்று. கடைசி தேதி எங்கே எழுதியிருக்கிறது? சட்டத்திலோ விதியிலோ "இதற்குப் பின் வருவதை ஏற்கக் கூடாது" என்று இருந்தால் அதிகாரிக்கு விருப்புரிமையே இல்லை. இல்லாத கையை எப்படிக் கட்டுவது? "தாமதத்தை மன்னிக்கலாம்" என்று இருந்தால்தான் இந்தப் பேச்சு.

கடைசி பெஞ்ச்:
சுற்றறிக்கையில் தேதி மட்டும் இருக்கிறது. மன்னிக்கலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை.

பழைய கோப்பு:
அப்படியென்றால் மேலிடத்திலிருந்து "தாமதமானதை எடுக்காதே" என்று வாய்மொழி உத்தரவு வந்திருக்கும். கீழே இருப்பவர் என்ன செய்வார்?

மன்றாடி:
முப்பத்தொரு வருடத்தில் கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கை ஒருமுறைகூடக் கேள்விப்படவில்லையா? பம்பாய் போலீஸ் கமிஷனர் அந்தேரியில் சினிமா கொட்டகை கட்ட அனுமதி கொடுத்தார். 1947 செப்டம்பரில் ரத்து என்று கடிதம் போனது. கடிதத்தில் எழுதியிருந்தது, அரசு உத்தரவுப்படி தெரிவிக்கிறேன் என்று. ரத்து செய்யும் அதிகாரம் கமிஷனருக்கு, அரசுக்கு இல்லை. வழக்கு வந்ததும் அது தன் சொந்த முடிவுதான் என்று காட்டப் பார்த்தார்கள். 1951இல் உச்ச நீதிமன்றம், உத்தரவில் என்ன எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் பார்ப்போம், பின்னால் வரும் விளக்கத்தை ஏற்க மாட்டோம் என்றது. மேலிடம் சொன்னது என்பது கீழே இருப்பவரைக் காப்பாற்றாது. அவர் யோசிக்கவே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

நேர்கோடு:
அந்த வழக்கில் குடிமகன் ஜெயித்தார். ஆக்ஸிஜனிலும் ஜெயித்திருக்க வேண்டும். 20 பவுண்டுக்கும் 25க்கும் நடுவில் அப்படி என்ன யோசித்தார்கள்?

மன்றாடி:
நாலாவது தடவை. கேட்டார்களா என்பதுதான் நீதிமன்றத்தின் கேள்வி. சரியாக முடிவெடுத்தார்களா என்பது அப்பீல் கேள்வி. கோர்தன்தாஸ் வழக்கிலும் நீதிமன்றம் கொட்டகைக்குத் தானே அனுமதி எழுதித் தரவில்லை. கமிஷனரே விஷயத்தைப் பார்த்து, ரத்து செய்வதா வேண்டாமா என்று சொந்தமாக முடிவெடுக்கட்டும் என்றுதான் சொன்னது.

கடைசி பெஞ்ச்:
அப்படியானால் நான் ஜெயித்தாலும் அதே அதிகாரியிடம்தான் திரும்பப் போகுமா? இந்த முறை மடிப்பைப் பிரித்துப் படித்துவிட்டு அதே ஸ்டாம்பை அடித்தால்?

பழைய கோப்பு:
அடிப்பார். இரண்டு பாரா காரணம் எழுதி அடிப்பார். இப்போது புரிகிறதா நான் ஏன் வெட்டி வேலை என்றேன் என்று?

மன்றாடி:
அந்த இரண்டு பாரா எழுத உட்காரும்போது பலர் மனம் மாறியிருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். மாறாவிட்டாலும் அந்தக் காரணம் சட்டத்தின் நோக்கத்துக்கு எதிராக இருந்தால் அதைத் தாக்கலாம். 1968இல் பிரிட்டனின் பேட்ஃபீல்ட் வழக்கில், பால் விவசாயிகளின் புகாரை விசாரணைக்கு அனுப்ப மறுத்த அமைச்சர் மாட்டிக்கொண்டது அவர் சொன்ன காரணங்களால்தான். ஸ்டாம்ப் உத்தரவில் தாக்குவதற்குக் காரணமே இருக்காது. சகோதரி, குறிப்புத் தாள் நகலை முதலில் வாங்குங்கள்.

நேர்கோடு:
40 லட்சம் பவுண்டு. அதற்கு மட்டும் இன்னும் பதில் வரவில்லை.

பழைய கோப்பு:
டெண்டர் தேதிக்கும்.