திராட்சை மூன்றே நாளில் பூஞ்சை பிடிக்கிறது, ஃப்ரிட்ஜ் பழுதா?

அம்மாபேட்டை சுமதி (சனி, மாலை 6.10)
அவசரம். வாங்கி வைக்கிற திராட்சையில் மூன்றே நாளில் பஞ்சு மாதிரி பூஞ்சை வருகிறது. இது மூன்றாவது தடவை. சுத்தமாகக் கழுவி, டப்பாவில் போட்டு, ஃப்ரிட்ஜில்தான் வைத்தேன். ஃப்ரிட்ஜ் போய்விட்டதா? இன்றைக்கும் 2 கிலோ வாங்கி வந்து மேஜை மேல் கிடக்கிறது, சீக்கிரம் சொல்லுங்கள்.

ஃப்ரிட்ஜ் மணி (6.25)
ஒற்றைக் கதவா, இரட்டைக் கதவா? எத்தனை வருஷம் ஆகிறது? கதவு ரப்பர் தளர்ந்திருந்தால் ஈரக்காற்று உள்ளே போகும். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள், இழுவையே இல்லாமல் வந்தால் ரப்பர் போச்சு. என் சர்வீஸில் இந்த மாதிரிப் புகாரில் பாதி ரப்பர்தான்.

நாலு ரோடு நிபுணர் (6.31)
என்ன திராட்சை, எந்த டப்பா, எந்தத் தட்டு, ஒன்றும் சொல்லாமல் "அவசரம்" என்றால் எப்படி? இங்கே இதே கேள்வி ஐம்பது தடவை வந்தாகிவிட்டது. கேட்பதற்கு முன்னால் தேடிப் பார்க்கும் வழக்கம் யாருக்கும் இல்லை.

மண்டிக்காரர் மகள் (6.48)
சுமதி அக்கா, பன்னீர் திராட்சையா, விதையில்லாத பச்சையா? கொத்தோடு வைத்தீர்களா, உதிர்த்தா? கழுவிய பிறகு எவ்வளவு நேரம் காய்ந்தது? பூஞ்சை முதலில் எங்கே தெரிந்தது, காம்பு கழன்ற இடத்திலா, டப்பா அடியிலா? இதைச் சொன்னால் போதும், ஃப்ரிட்ஜைப் பிறகு பார்க்கலாம்.

ராஜா மாமா (6.55)
எங்கள் வீட்டிலும் பாயசத்துக்கு வைத்த திராட்சை ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டியாகிவிட்டது. ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

நாலு ரோடு நிபுணர் (6.57)
ஐயா, அது உலர் திராட்சை.

அம்மாபேட்டை சுமதி (7.20)
பன்னீர்தான். உதிர்த்து, கழுவி, வடிதட்டில் பத்து நிமிஷம் வைத்து, காற்றுப் புகாத டப்பாவில் இறுக்கி மூடி, கீழே காய்கறி டிரேயில் வைத்தேன். காலையில் டிபன் கட்ட எடுத்து, சமையல் முடிந்த பிறகு திருப்பி வைப்பேன். பூஞ்சை காம்பு இருந்த குழியில்தான் முதலில் வந்தது. ஒற்றைக் கதவு, ஆறு வருஷம். பால், தயிர் கெடுவதில்லை.

மண்டிக்காரர் மகள் (7.52)
நன்றி அக்கா, விஷயம் இதிலேயே இருக்கிறது. பன்னீருக்குத் தோல் மெலிது. பழத்தை உதிர்க்கும்போது காம்பு கழன்ற இடத்தில் ஒரு சின்னக் காயம் விழுகிறது. அதில் கழுவிய தண்ணீர் தங்கினால் வெளித்தோல் காய்ந்தாலும் அந்தக் குழி பத்து நிமிஷத்தில் காயாது. அந்தச் சாம்பல் பூஞ்சை குளிருக்கு அடங்குவதில்லை, ஃப்ரிட்ஜில் மெதுவாக வளரும், அவ்வளவுதான். ஒரு பழத்தில் பிடித்தால் தொட்டுக்கொண்டிருக்கிற பழத்துக்கெல்லாம் பரவும்.

காலையில் டப்பாவை வெளியே வைக்கும்போது, நம் ஊர்ச் சூட்டில் குளிர்ந்த பழத்தின் மேல் வியர்த்துவிடும். அந்த வியர்வையோடு மூடி உள்ளே வைக்கிறீர்கள். ஆக, தினமும் ஒரு தடவை நீங்களே ஈரம் பாய்ச்சுகிறீர்கள்.

இன்றைய 2 கிலோவை இப்படிச் செய்து பாருங்கள். கழுவ வேண்டாம், உதிர்க்கவும் வேண்டாம். ஒரு துணியில் பரப்பி, வெடித்தது, நசுங்கியது, ஏற்கெனவே உதிர்ந்தது எல்லாவற்றையும் பொறுக்கி எடுங்கள். உதிர்ந்ததில் நல்லது இருந்தால் இன்றே கழுவிச் சாப்பிட்டுவிடுங்கள். மீதியைக் கத்தரியால் ஒரு வேளைக்கு ஆகிற மாதிரி சின்னக் கொத்துகளாக வெட்டுங்கள். அகலமான டப்பாவில் அடியில் பருத்தித் துணி போட்டு, இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் வையுங்கள். மூடாமல் இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் குளிரட்டும், அப்புறம் மூடியை லேசாகச் சாய்த்து வையுங்கள். டிபனுக்கு ஒரு கொத்தை மட்டும் எடுத்துக் கழுவுங்கள், டப்பா வெளியே வரவே கூடாது. வெங்காயத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள், திராட்சை அந்த வாசனையை இழுத்துக்கொள்ளும்.

கீதா, ஆத்தூர் (8.05)
கழுவாமல் வைப்பதா? அந்த வெள்ளைப் பொடி அத்தனையும் மருந்து. நான் ஒரு பங்கு வினிகருக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஐந்து நிமிஷம் ஊறவைத்து அலசித்தான் உள்ளே வைப்பேன்.

நாலு ரோடு நிபுணர் (8.09)
வெள்ளைப் பொடி என்பது திராட்சையே உண்டாக்கும் மெழுகு. ஆரம்பப் பாடம். ஆகவே கழுவத் தேவையே இல்லை.

கீதா, ஆத்தூர் (8.14)
அப்படியானால் நீங்கள் கழுவாமலே சாப்பிடுங்கள் சார். நாங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறோம்.

மண்டிக்காரர் மகள் (8.30)
இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. பழம் முழுக்க ஒரே சீராகப் படிந்து, விரலால் தேய்த்தால் பளபளப்பு வந்தால் அது மெழுகு. அது இருப்பது பழத்துக்குப் பாதுகாப்பு, கழுவித் தேய்த்தால் போய்விடும். சொட்டுச் சொட்டாகக் காய்ந்த கறையாக, கொத்தின் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் தெளித்த மருந்தாக இருக்கலாம். பஞ்சு மாதிரி நூல் நூலாக இருந்தால் பூஞ்சை. மெழுகு இருக்கிறது என்பதற்காக மருந்து இல்லை என்று ஆகாது, ஆகவே கழுவத்தான் வேண்டும், ஆனால் சாப்பிடும் நேரத்தில். கீதா அக்கா, வினிகர் பழத்தின் மேலே இருக்கிற பூஞ்சை வித்துகளைக் குறைக்கும், ஆனால் ஈரத்தோடு மூடினால் அந்தப் பலன் போய்விடும். மின்விசிறிக்கு அடியில் முழுக்கக் காய வைக்கிறீர்களா?

கீதா, ஆத்தூர் (8.34)
துண்டில் ஒற்றி எடுப்பேன். எங்கள் வீட்டில் மூன்று நாளுக்கு மேல் மிஞ்சியதே இல்லை, அதனால் பார்த்ததில்லை.

ஒண்டிக்கடை தோட்டம் (9.15)
ஏற்காட்டிலிருந்து. விருந்தினருக்கு ஸ்ட்ராபெரி வாங்கி வைப்போம். மழை மாதத்தில் பனிமூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும், இரண்டாம் நாளே பூஞ்சை. இப்போது 50 டிகிரியை ஒட்டிய வெந்நீரில் அரை நிமிஷம் முக்கி எடுத்து, துணியில் பரப்பிக் காய வைத்து உள்ளே வைக்கிறோம், நாலைந்து நாள் தாங்குகிறது. கொதிநீர் ஒரு டம்ளருக்குப் பச்சைத் தண்ணீர் ஒன்றரை டம்ளர். காம்பைக் கிள்ளாமல் முக்க வேண்டும். மல்பெரிக்கு இது சரிப்படாது, கரைந்துவிடும், அதை வாங்கிய அன்றே தின்றுவிடுவதுதான்.

ஃப்ரிட்ஜ் மணி (9.22)
அந்தக் கணக்கு மலைக்கு அண்ணா. அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும், பச்சைத் தண்ணீரும் சில்லென்று இருக்கும். சேலத்துக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரி. ஒன்றுக்கு ஒன்றரை கலந்தால் 58 ஆகிவிடும், பழம் வெந்துவிடும். கீழே இரண்டரை டம்ளர் ஊற்ற வேண்டும்.

நாலு ரோடு நிபுணர் (9.26)
தெர்மாமீட்டர் என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள்.

ஒண்டிக்கடை தோட்டம் (9.31)
அதை நீங்களே வாங்கி அனுப்பி வையுங்கள், வாரம் ஒரு பெட்டி பழம் தருகிறேன்.

ஃப்ரிட்ஜ் மணி (9.40)
சுமதி அக்கா, எல்லாம் சரி, காய்கறி டிரேயை ஒரு தடவை வெளியே எடுத்து அடியைப் பாருங்கள். ஒற்றைக் கதவில் தண்ணீர் வடியும் ஓட்டை அடைத்தால் கீழே தேங்கும். பால் மேல்தட்டில் இருக்கும், அதற்குத் தெரியாது.

தாரமங்கலம் செல்வி (ஞாயிறு, காலை 7.05)
ஒரு பழத்தில் பூஞ்சை வந்தால் மொத்த டப்பாவையும் கொட்ட வேண்டுமா?

மண்டிக்காரர் மகள் (7.40)
பூஞ்சை வந்ததையும் அதைத் தொட்டுக்கொண்டிருந்ததையும் எறியுங்கள். மெத்தென்று ஆனதும் போகட்டும். கெட்டியாக இருப்பதைக் கழுவி அன்றே தீர்த்துவிடுங்கள், டப்பாவைச் சோப்புப் போட்டுக் காய வையுங்கள். முகர்ந்து பார்க்க வேண்டாம்.

அம்மாபேட்டை சுமதி (அடுத்த ஞாயிறு, இரவு 8.50)
வேலை அதிகம், பதில் போட முடியவில்லை. கழுவாமல் கொத்தாக வைத்தது ஏழாம் நாள் வரை வந்தது, ஆறேழு பழம்தான் போயிற்று. டிரேக்கு அடியில் நிஜமாகவே தண்ணீர் நின்றது, ஓட்டையில் கொத்தமல்லித் தழை. அதையும் எடுத்துவிட்டேன். எதனால் சரியானது என்று தெரியவில்லை. எல்லோருக்கும் நன்றி.

ஃப்ரிட்ஜ் மணி (8.58)
நான்தான் சொன்னேனே.

மண்டிக்காரர் மகள் (9.10)
நீங்கள் சொன்னது ரப்பர் அண்ணா, ஓட்டை அப்புறம்தான் வந்தது. அடுத்த தடவை ஓட்டை திறந்திருக்கும்போது ஒரு கைப்பிடியை மட்டும் பழையபடி கழுவி மூடி வைத்துப் பாருங்கள் சுமதி அக்கா, தெரிந்துவிடும்.

ராஜா மாமா (9.33)
உலர் திராட்சைக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.