சிலிண்டர் மாத்தினதுல இருந்து ரெகுலேட்டர் பக்கம் கேஸ் வாசனை, ஆஃப் பண்ணா போயிடுது

மாடிவீட்டுக்காரி:
நேத்து மதியம் 14.2 கிலோ சிலிண்டர் வந்துச்சு. கொண்டு வந்த அண்ணன் மூடியை எடுத்து, வாய்க்குள்ள கொஞ்சம் தண்ணி ஊத்திப் பார்த்தார். குமிழி வரல, "நல்லாருக்கும்மா"ன்னு கிளம்பிட்டார். சாயங்காலம் பழசு தீர்ந்ததும் நானே மாத்தினேன். ரெகுலேட்டர் டக்குன்னு உக்காந்துச்சு. ஆனா ஆன்ல திருப்பினதும், அடுப்பு பத்த வைக்காமலேயே வாசனை. ஆஃப் பண்ணி கொஞ்ச நேரத்துல போயிடுது. இப்ப ஆஃப்லயே விட்டு ஜன்னலைத் திறந்து வச்சிருக்கேன். டியூப் போன வருஷம்தான் மாத்தினது. வேற எங்க பார்க்கணும்?

செந்தில்_கடை:
தண்ணி ஊத்திப் பார்த்தாச்சுல்ல, அப்ப சிலிண்டர்ல கோளாறே இருக்காது. ரெகுலேட்டருக்குள்ள இருக்கற வாஷர் தேஞ்சிருக்கும். நல்லா அமுக்கி உக்கார வைங்க, போதும்.

ஓல்டு டவுன் பாட்டி:
எங்க வீட்ல சிலிண்டர் தீரப் போற நேரத்துல இப்படித்தான் நாறும். ரெண்டு நாள்ல காலியாயிடும். பயப்படாதேம்மா.

மாடிவீட்டுக்காரி:
பாட்டி, இது புது சிலிண்டர், இப்பத்தான் மாட்டினது :)

அடுப்பு ரிப்பேர் முருகன்:
செந்தில் தம்பி, அமுக்கறது இதுக்கு மருந்து இல்ல. தண்ணி சோதனை சரியானதுதான், ஆனா அதுல தெரியறது ஒண்ணே ஒண்ணு. வாய்க்கு நடுவுல இருக்கற பின் சரியா மூடியிருக்கான்னு மட்டும்தான். வாஷர் ரெகுலேட்டருக்குள்ள இல்ல, சிலிண்டர் வாய்க்குள்ள உள்பக்க காடியில கறுப்பு ரப்பர் வளையமா இருக்கும். மூடியிருக்கற பின் வழியா கேஸ் மேல வராததால, வாஷர் கிழிஞ்சிருந்தாலும் தண்ணியில குமிழி வராது.

தங்கச்சி, உங்க குறிப்பு அதுக்குப் பொருந்துது. ரெகுலேட்டரை ஆன் பண்ணும்போதுதான் அது பின்னை உள்ள தள்ளி கேஸை வெளிய விடும். அதனாலதான் ஆஃப்ல வாசனை இல்ல. ஆனா ஆன் பண்ணினா டியூப்லயும் கேஸ் நிக்கும், அதனால டியூப் முனையையும் சந்தேகப்படணும்.

வெளிச்சம் இருக்கும்போது பாருங்க. சாமி விளக்கு எரிஞ்சா அணைச்சுடுங்க, சுவிட்சைத் தொட வேண்டாம். ரெகுலேட்டர் ஆஃப்ல இருக்கட்டும், ரெகுலேட்டரோட அடியில இருக்கற கறுப்பு வளையத்தை மேல தூக்கினா கழண்டு வரும். வாயைப் பாருங்க, வாஷர் முழு வட்டமா, காடியில படிஞ்சு இருக்கா? சில சமயம் அது வெள்ளை மூடியோட ஒட்டிக்கிட்டே வந்துடும், மூடியையும் திருப்பிப் பாருங்க. ஊசி, கத்தி எதையும் உள்ள விடாதீங்க. பின்னைக் குத்திட்டா கேஸ் பீச்சும்.

மாடிவீட்டுக்காரி:
பார்த்தேன் அண்ணா. வாஷர் இருக்கு, ஆனா ஒரு இடத்துல நகத்தளவு பிளவு, கொஞ்சம் தூக்கிக்கிட்டு நிக்குது. காலி சிலிண்டர்ல இருக்கற வாஷரை எடுத்துப் போடலாமா?

செந்தில்_கடை:
தாராளமா போடலாம், எங்கம்மா அப்படித்தான் பண்ணுவாங்க.

அடுப்பு ரிப்பேர் முருகன்:
பண்றவங்க நிறைய பேர். நான் சொல்ல மாட்டேன். பழசைக் கிளப்பும்போதே அதுவும் கீறிடும். வெள்ளை மூடியை அமுக்கிப் போட்டுட்டு ஏஜென்சிக்குப் போன் பண்ணுங்க. மூடியைப் போட்டும் வாசனை வந்தாலோ, உஸ்ஸுன்னு சத்தம் கேட்டாலோ எல்லாரும் வெளிய வந்துட்டு 1906-க்குக் கூப்பிடுங்க.

மாடிவீட்டுக்காரி:
இன்னிக்கு ஏஜென்சியில இருந்து ஆள் வந்து புது வாஷர் போட்டுட்டுப் போனார். ரெகுலேட்டரை நான் மாட்டறப்ப தப்பா பண்ணியிருப்பேனோன்னும் சந்தேகம்.

அடுப்பு ரிப்பேர் முருகன்:
குமிழ் ஆஃப்ல இருக்கணும். ரெகுலேட்டரோட கறுப்பு வளையத்தை மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டே நேரா வாய்மேல வச்சு, லேசா அப்படி இப்படித் திருகி இறக்குங்க. சாய்ச்சு இறக்கினா வாஷரோட உதடு மடங்கும், பிளவு அப்படியும் விழலாம். அடி தொட்டதும் வளையத்தைக் கீழ இறக்குங்க, டக்குன்னு சத்தம் வரும். பிறகு மேல தூக்கிப் பாருங்க, வரக்கூடாது.

அப்புறம் அரை டம்ளர் தண்ணியில பாத்திரம் தேய்க்கற லிக்விட் ஒரு ஸ்பூன் விட்டு நுரைக்கக் கலக்குங்க. அடுப்பு குமிழ் எல்லாம் மூடியிருக்க, ரெகுலேட்டரை ஆன் பண்ணி, ரெகுலேட்டரும் வாயும் சேர்ற இடம், டியூபோட ரெண்டு முனை, மூணுலயும் நுரையைத் தடவி ஒரு நிமிஷம் பாருங்க. தடவும்போது வர்ற நுரை உடைஞ்சு அடங்கிடும். கசிவுன்னா ஒரே இடத்துல குமிழி ஊதி ஊதிப் பெருசாகும். தீக்குச்சியைக் காட்டிப் பார்க்கறதை யார் சொன்னாலும் கேக்காதீங்க.

மாடிவீட்டுக்காரி:
வாய் பக்கம் சுத்தம், ஒரு குமிழி இல்ல. ஆனா டியூப் ரெகுலேட்டர்ல நுழையற முனையில மெதுவா ஒண்ணு ஊதுது, கடுகளவு. ஆஃப் பண்ணி நுரையைத் துடைச்சுட்டேன். முனையை வெட்டி உள்ள தள்ளலாமா?

செந்தில்_கடை:
ரெண்டு இஞ்ச் வெட்டினா சரியாயிடும்.

அடுப்பு ரிப்பேர் முருகன்:
ஒரு வருஷ டியூப் அதுக்குள்ள அங்க கசியக்கூடாது. நுனி வெடிச்சிருக்கா, ரெகுலேட்டர் மூக்குலயே கீறல் இருக்கான்னு நேர்ல பார்க்காம சொல்ல முடியாது. மூக்குல இருந்தா வெட்டியும் பிரயோஜனம் இல்ல, ஏஜென்சியில ரெகுலேட்டரை மாத்தணும். அதுவரை ஆஃப்லயே இருக்கட்டும்.

மாடிவீட்டுக்காரி:
சரி அண்ணா. ராத்திரிக்கு பக்கத்து வீட்டு இண்டக்ஷன்ல உப்புமா.