கடும்பயிற்சியில் பசி அடங்குவதற்கு ஒரு கலைச்சொல் தேவை

மலர்விழி எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். விளையாட்டு உடலியங்கியல் பாடநூல் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் ‘எக்ஸர்சைஸ் இண்டியூஸ்ட் அனோரெக்சியா’ என்ற தொடர் அடிக்கடி வருகிறது. கடுமையாக ஓடி முடித்தவருக்கு உடனே சாப்பாட்டின் மேல் நாட்டமே இல்லாமல் போவதும், சில மணி நேரம் கழித்து அவருக்கே பசி வயிற்றைக் கிள்ளுவதும் அந்த இயலில் பேசப்படுகின்றன. இப்போதைக்கு ‘உடற்பயிற்சிப் பசியின்மை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அது நோயின் பெயரைப் போல ஒலிக்கிறது. பின்னால் வரும் பசியையும் அது தொடவில்லை. இரண்டையும் தழுவும் ஒரே சொல் கிடைக்குமா?

சிவநேசன் எழுதியது:

அம்மா, ‘பசித்தேக்கம்’ என்று வைக்கலாம். ஓடும்போது இரத்தம் முழுவதும் தசைகளுக்குப் போய்விடுகிறது. இரைப்பைக்கு இரத்தம் இல்லாததால் பசி எழ வழியில்லை. அணையில் நீர் தேங்குவதுபோல் அந்தப் பசி தேங்கி நின்று, உடல் ஓய்ந்ததும் மதகு திறந்தாற்போல் மொத்தமாக வெளியேறுகிறது. முன்னதும் பின்னதும் ஒரே சொல்லில் அடங்கிவிடும்.

தேன்மொழி எழுதியது:

சிவநேசன் ஐயாவின் சொல் செவிக்கு இனிமையானது. இரத்த ஓட்டத்தைப் பற்றி அவர் சொன்னதிலும் பாதி சரி. கடும்பயிற்சியின்போது இரைப்பைக்கும் குடலுக்கும் செல்லும் இரத்தம் பெருமளவு குறைகிறது என்பது உண்மை. ஆனால் முழுவதும் நின்றுவிடுவதில்லை. மேலும், ஓட்டம் நின்றதும் அந்த இரத்த ஓட்டம் மீளத் தொடங்கிவிடுகிறது. பசியோ அதற்குப் பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அடங்கியே கிடக்கிறது. ஆகவே வேறு காரணங்களும் உடன் இயங்க வேண்டும்.

அவற்றில் முதன்மையாகப் பேசப்படுவது கிரெலின். இரைப்பையின் மேற்பகுதியில் சுரந்து பசியைத் தூண்டும் இந்த இயக்குநீரை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1999ல் கண்டறிந்தனர். கொழுப்பு அமிலம் ஒன்று ஒட்டிய வடிவம்தான் பசியைத் தூண்டுகிறது. அதை அசைல் கிரெலின் என்கிறோம். ஒருவருடைய உச்ச ஆக்சிஜன் நுகர்வில் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டி உழைக்கும்போது இந்த வடிவம் இரத்தத்தில் குறைகிறது. அதே வேளையில் குடலிலிருந்து நிறைவுணர்வு தரும் பிஒய்ஒய், ஜிஎல்பி-1 ஆகிய இயக்குநீர்கள் கூடுகின்றன. மெல்ல நடப்பவருக்கு இது பெரும்பாலும் நிகழ்வதில்லை என்பதால், நம் சொல்லில் ‘கடும்பயிற்சி’ என்ற அடையாவது இருந்தாக வேண்டும் என்பது என் கருத்து.

கடுமையாக உழைக்கும் தசைகளில் உருவாகும் லாக்டேட்டுக்கும் இதில் பங்கு உண்டு என்று கருதப்படுகிறது. குறுகிய நேரம் மிக வேகமாக மிதிவண்டி மிதித்தவர்களுக்கு, நீண்ட நேரம் மிதமாக மிதித்தவர்களைவிட அசைல் கிரெலின் கூடுதலாகக் குறைவதைப் பல சோதனைகள் காட்டியிருக்கின்றன. லாக்டேட்டும் ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலமும் இணைந்து உருவாகும் ‘லாக்-ஃபி’ என்ற சேர்மம் எலிகளின் உணவு அளவைக் குறைத்ததாக 2022ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. மனிதரிலும் விரைவோட்டத்துக்குப் பின் அது உயர்கிறது. மனிதப் பசியை எவ்வளவு கட்டுப்படுத்துகிறது என்பது இன்னும் ஆய்வில் இருக்கிறது.

இப்போது ‘தேக்கம்’ என்பதற்கு வருகிறேன். அடங்கிய பசிதான் பின்னால் திரும்பி வருகிறது என்று அந்தச் சொல் உறுதி கூறிவிடுகிறது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தின் லஃபரோ பல்கலைக்கழகத்தினர் 2010ல் வெளியிட்ட சோதனையில், இளைஞர்கள் ஓடுபொறியில் 90 நிமிடம் கடுமையாக ஓடி ஏறத்தாழ 1270 கிலோகலோரி செலவிட்டார்கள். ஓடும்போது பசியும் அசைல் கிரெலினும் இறங்கின. பின்னர் விரும்பிய அளவு உண்ணலாம் என்று உணவை வைத்தும், அன்றைக்குள் அவர்கள் அந்தச் செலவை ஈடுகட்டும் அளவுக்கு உண்ணவில்லை. மதகு திறந்த கதை உண்மையென்றால் அவர்கள் வாரிக்கட்டி உண்டிருக்க வேண்டும்.

இளங்கோ எழுதியது:

நீங்கள் எல்லாரும் சொல் தேடுகிறீர்கள். எனக்கு இரவு 11 மணிக்கு என்ன சாப்பிடுவது என்று சொன்னால் போதும். மாலை ஐந்திலிருந்து ஆறரை வரை கால்பந்து ஆடுகிறேன். ஏழு மணிக்கு வீட்டில் தட்டு வைத்தால் இரண்டு இட்லிக்கு மேல் இறங்குவதில்லை. பதினொரு மணிக்குப் பசி தாங்காமல் அடுக்களையைத் துழாவுகிறேன். அந்த லஃபரோ இளைஞர்களைப் போல என் உடம்பு இல்லை போலிருக்கிறது.

தேன்மொழி எழுதியது:

தம்பி, உங்கள் மடல் நம் விவாதத்துக்கு மிகவும் பயன்படும். ஏழு மணி என்பது ஆட்டம் முடிந்து அரை மணி நேரம். பசி அடங்கியிருக்கும் நேரத்திலேயே தட்டு வருகிறது. அதனால் குறைவாக உண்கிறீர்கள். பதினொரு மணிப் பசியில் எவ்வளவு ஆட்டத்தால் வந்தது, எவ்வளவு அந்த இரண்டு இட்லியால் வந்தது? பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஆட்டமில்லாத ஒரு நாளில் அதே ஏழு மணிக்கு இரண்டு இட்லி மட்டும் உண்டு பாருங்கள். ஆட்டமுள்ள மற்றொரு நாளில் எட்டரை மணிக்கு வழக்கமான அளவு உண்டு பாருங்கள். முதல் நாளும் பதினொன்றுக்குப் பசித்தால், குற்றவாளி பெரும்பாலும் குறைந்த உணவுதான். இரண்டாம் நாளும் பசித்தால், கல்லீரலிலும் தசையிலும் சேமித்த சர்க்கரையான கிளைகோஜன் குறைந்துபோனதையும், கொழுப்புத் திசுவில் சுரந்து பசியைக் குறைக்கும் லெப்டின் ஆற்றல் பற்றாக்குறையால் மணிக்கணக்கில் மெல்லச் சரிவதையும் நினைக்க இடமுண்டு. இந்தப் பிற்பட்ட பசியை எழுப்புவது எந்தச் சமிக்ஞை என்பதில் ஆய்வாளர்களிடையே உடன்பாடு இல்லை. ஆளுக்கு ஆள் வேறுபாடும் அதிகம். சராசரி கூறுவது உங்கள் உடம்புக்குப் பொருந்தியே ஆக வேண்டும் என்பதில்லை.

ஏழு மணிக்கு உணவைப் பார்த்தாலே குமட்டுகிறது என்றால் அது வேறு செய்தி. வெப்பமும் நீரிழப்பும் அதற்குக் காரணமாகலாம். முதலில் தண்ணீர் குடியுங்கள்.

வேலாயுதம் எழுதியது:

சித்த மருத்துவத்தில் ‘மந்தம்’ என்ற சொல் ஆயத்தமாக இருக்கும்போது புதிது எதற்கு? ‘பயிற்சி மந்தம்’ போதாதா? உண்டது செரியாமல் கிடப்பதைத்தான் மந்தம் என்பார்கள் என்பதும், ஓடி முடித்தவன் வெறும் வயிற்றோடு இருந்தாலும் அவனுக்குப் பசி எழுவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் வழக்கில் உள்ள சொல்லின் பொருளைச் சற்று நீட்டுவதில் பிழையில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். குளத்தில் நீந்திவிட்டுக் கரையேறும் பிள்ளைகள் உடனே சோறு கேட்கிறார்களே, அவர்களுக்கு மட்டும் ஏன் பசி அடங்கவில்லை?

தேன்மொழி எழுதியது:

ஐயா, தண்ணீரின் குளிர்ச்சிக்கு அதில் பங்கிருக்கலாம். ஃபுளோரிடாவில் நடந்த சோதனை ஒன்று 2005ல் வெளியானது. நீருக்குள் 45 நிமிடம் மிதிவண்டி மிதித்தவர்கள், 33 பாகை நீரில் மிதித்த நாளைவிட 20 பாகை நீரில் மிதித்த நாளில் 44 விழுக்காடு அதிகம் உண்டார்கள். இரு நாளும் செலவான ஆற்றல் ஏறத்தாழ ஒன்றே. ஆகவே உடல் சூடேறுவதும் பசி அடங்குவதற்கு ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. ‘மந்தம்’ என்றால் படிப்பவர் செரிமானக் கோளாறு என்றே கொள்வார். பாடநூலில் அந்தக் குழப்பம் வேண்டாம்.

என் முன்மொழிவு இரண்டு சொற்கள். முன்னதற்குக் ‘கடும்பயிற்சிப் பசித்தணிவு’, பின்னதற்குப் ‘பின்பசி’. காரணமும் காலமும் வேறாக இருப்பவற்றை ஒரே சொல்லில் கட்ட வேண்டாம்.

சிவநேசன் எழுதியது:

தேக்கத்தை நான் விட்டுவிடுகிறேன். ஆனால் ‘தணிவு’ என்றால் உண்டு பசி தணிவதும் அதுதானே? உண்ணாமலே பசி அடங்குவதைச் சொல்ல ‘பசியடக்கம்’ பொருத்தமாகாதா?

மலர்விழி எழுதியது:

‘அடக்கம்’ என்றால் ஒருவர் முயன்று பசியை அடக்குவதாகவும் படுமே, ஐயா. ‘பின்பசி’யை எடுத்துக்கொள்கிறேன். முன்னதற்கு இந்த இயலில் ‘பசித்தணிவு’ என்று எழுதி, முதல் முறை வரும் இடத்தில் உண்ணாமலே நேர்வது என்று ஒரு வரி சேர்க்கிறேன். மெய்ப்பு பார்க்கும் வரை மாற்ற இடமிருக்கிறது. மேலும் நல்ல சொல் தோன்றினால் எழுதுங்கள். அடுத்த இயலில் அசைல் கிரெலினுக்குத் தமிழாக்கம் வேண்டுமா, ஒலிபெயர்ப்பே போதுமா என்பதையும் தேன்மொழி அம்மா சொன்னால் உதவியாக இருக்கும்.